மாத்திரையா, டிரிப்ஸில் ஏறிய மருந்தா: மாப்பிள்ளையை அன்று இரவு சாய்த்தது எது?

செந்தில் (கரூர்)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக ஒரு கேள்வி மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

என் தங்கை வீட்டுக்காரருக்கு 43 வயது. பித்தப்பையில் கல், அதோடு கிருமித் தொற்று என்று ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்து நாள் இருந்தார். டிரிப்ஸ், ஊசி எல்லாம் போட்டு, காய்ச்சல் இறங்கி, திங்கட்கிழமை காலை வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் மெட்ரோனிடசோல், செஃபிக்ஸிம், வயிற்றுக்கு ஒன்று என மூன்று மாத்திரை.

மறுநாள் செவ்வாய் இரவு அவருடைய சிநேகிதர் வீட்டில் கிரகப்பிரவேசம். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கட்டிங் பிராந்தி, அதாவது 90 மில்லி, தண்ணீர் ஊற்றிக் குடித்திருக்கிறார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முகம், காது, கழுத்தெல்லாம் நெருப்பாகக் கொதித்தது, கண் சிவந்துவிட்டது. "தலைக்குள்ள சம்மட்டியால அடிக்கிற மாதிரி இருக்கு" என்றார். அப்புறம் வாந்தி, நிற்கவே இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்தால் மயக்கம். காரில் போட்டுக்கொண்டு ஓடினோம். நாடி 140, பிரஷர் 80/50. இசிஜியில் சின்ன மாற்றம் இருப்பதாகச் சொல்லி மாரடைப்புக்கான ரத்தப் பரிசோதனை இரண்டு முறை எடுத்தார்கள், இரண்டிலும் ஒன்றுமில்லை. சலைன் ஏற்றினார்கள். விடியற்காலை ஒரு மணி வாக்கில் தானாகவே அடங்கிவிட்டது.

"மெட்ரோனிடசோல் சாப்பிட்டுக்கொண்டு குடித்தால் இப்படித்தான் ஆகும்" என்றார்கள். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் பல் பிடுங்கியபோது இதே மாத்திரையை ஐந்து நாள் சாப்பிட்டுக்கொண்டே குடித்தார், எனக்கே தெரியும். அப்போது ஒன்றுமே ஆகவில்லை. இப்போது மட்டும் ஏன்?

பாஸ்கரன் மெடிக்கல்ஸ்

செந்தில், சந்தேகமே வேண்டாம், மெட்ரோனிடசோல்தான். 26 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அந்த அட்டையைக் கொடுக்கும்போதெல்லாம் "சரக்கு தொடாதீங்க" என்று சொல்லித்தான் கொடுப்பேன். பெட்டிக்குள் இருக்கும் தாளிலும் அச்சடித்திருக்கிறது.

நாம் குடிக்கும் சாராயம் கல்லீரலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாறும். பிறகு ஒரு நொதி அந்த நஞ்சை உடைத்து ஒன்றுமில்லாமல் ஆக்கும். மெட்ரோனிடசோல் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும், நஞ்சு ரத்தத்தில் தங்கிவிடும். போன தடவை தப்பித்தது அவருடைய நல்ல நேரம். எந்த ஆண்டிபயாடிக்காக இருந்தாலும் மதுவோடு சேர்ந்தால் கல்லீரலில் இந்தச் சண்டை வரத்தான் செய்யும்.

குமரேசன்_84

நல்ல இழை. எனக்கும் இதே சந்தேகம்தான். தொண்டை வலிக்கு அசித்ரோமைசின் மூன்று நாள் சாப்பிடச் சொன்னார்கள், இன்று இரண்டாவது நாள். ஒரு பீர் குடித்தால் மருந்தின் வீரியம் போய்விடுமா? மறுபடி முதலிலிருந்து மூன்று நாள் சாப்பிட வேண்டுமா?

இரவுப்பணி (அவசர சிகிச்சை மருத்துவர்)

குமரேசன், செந்தில் கேட்டது வேறு. மருந்தின் வீரியம் குறைவதைப் பற்றி அவர் கேட்கவில்லை, மதுவோடு சேர்ந்து மருந்து ஆளையே சாய்ப்பதைப் பற்றிக் கேட்கிறார். உங்கள் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அசித்ரோமைசினுக்கும் அமாக்ஸிசிலினுக்கும் இந்த மோதல் கிடையாது. ஒரு பீரால் வீரியமும் போகாது. தொண்டை ஆறும்வரை குடிக்காமல் இருந்தால் தொண்டைக்கு நல்லது, அவ்வளவுதான்.

செந்தில், மாப்பிள்ளையின் டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கிறதா? வீட்டுக்குக் கொடுத்த மாத்திரைகளை விடுங்கள். உள்ளே இருந்த ஐந்து நாளும் டிரிப்ஸில் என்ன ஆண்டிபயாடிக் போனது, கடைசி டோஸ் எத்தனை மணிக்கு, இந்த இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

செந்தில் (கரூர்)

தங்கையிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தேன் டாக்டர். செஃபோபெராசோன், சல்பாக்டம் என்று ஒரே ஊசியாக எழுதியிருக்கிறது. 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, ஐந்து நாள். கூடவே மெட்ரோனிடசோல் டிரிப்ஸ். நர்ஸ் சார்ட்டில் கடைசி ஊசி திங்கள் காலை 6 மணி. அவர் குடித்தது செவ்வாய் இரவு எட்டரை இருக்கும்.

இரவுப்பணி

நான் சந்தேகப்பட்டது அந்த மருந்தைத்தான். கடைசி ஊசிக்கும் முதல் மடக்குக்கும் இடையில் முப்பத்தெட்டரை மணி நேரம். நான் அந்த இரவு பணியில் இருந்திருந்தால் செஃபோபெராசோனின் பெயரைத்தான் முதலில் எழுதியிருப்பேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

பாஸ்கரன் சார் சொன்ன முதல் பாதி முற்றிலும் சரி. மது கல்லீரலில் இரண்டு படியாகக் கரைகிறது. முதல் படியில் அசிட்டால்டிஹைடு, இரண்டாவது படியில் அசிட்டேட், அதாவது கிட்டத்தட்ட வினிகர். சாதாரணமாக இரண்டாவது படி மிக வேகமானது, அதனால் அசிட்டால்டிஹைடு ரத்தத்தில் தலைகாட்டுவதே அரிது. சமையலறைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் முதல் படி, வடிகால் இரண்டாவது படி. வடிகாலில் துணி அடைத்துக்கொண்டால், குழாயை எவ்வளவு மெதுவாகத் திறந்தாலும் தொட்டி நிரம்பத்தான் செய்யும்.

அந்தத் துணியின் பேர் பெற்ற வடிவம் டைசல்ஃபிராம், குடியை நிறுத்தக் கொடுக்கும் மாத்திரை. அது உடலில் உடைந்து வரும் துண்டுகள் இரண்டாம் படி நொதியின் வாயிலேயே போய் ஒட்டிக்கொள்ளும், பிறகு கழலாது. மருந்து உடலை விட்டுப் போனாலும் பூட்டு பூட்டியபடியே இருக்கும். கல்லீரல் புதிதாக நொதி செய்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரை எதிர்வினை வரலாம் என்று நாங்கள் எச்சரிப்பது இதனால்தான்.

செஃபோபெராசோன் டைசல்ஃபிராமுக்கு உறவில்லாத மருந்து. ஆனால் அதன் மூலக்கூறில் கந்தகம் உள்ள ஒரு சின்ன வால் இருக்கிறது. உடலுக்குள் அந்த வால் கழன்று, உருமாறி, அதே நொதியைப் பிடித்துக்கொள்கிறது. ஊசி மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு மணி நேரம்தான் ஆகும், ஆகவே செவ்வாய் இரவு மாப்பிள்ளையின் ரத்தத்தில் மருந்தே இருந்திருக்காது. ஆனாலும் நொதி மீண்டிருக்கவில்லை. இந்த ஊசிக்குப் பிறகு குறைந்தது மூன்று நாளாவது மது கூடாது. ஐந்தாம் நாள் குடித்தவர்களுக்கும் வந்ததாக மருந்தோடு வரும் தாளிலேயே இருக்கிறது. தவிர, இது பெரும்பாலும் பித்தநீர் வழியாக வெளியேறும் மருந்து. பித்தப்பையில் கல் உள்ளவருக்குப் பித்தநாளமும் அடைபட்டிருந்தால் இன்னும் மெதுவாகத்தான் போகும்.

கணக்கும் ஒத்துப்போகிறது. நம் ஊர் பிராந்தி 42.8 சதவீதம். 90 மில்லியில் சுமார் 30 கிராம் சாராயம். கல்லீரல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கரைக்கும், ஆக நாலு மணி நேர வேலை. எட்டரைக்குக் குடித்தார், ஒரு மணிக்கு அடங்கியது. குழாயில் தண்ணீர் தீர்ந்ததும் தொட்டி மெல்ல வடிந்தது.

பாஸ்கரன் மெடிக்கல்ஸ்

டாக்டர், மரியாதையோடு கேட்கிறேன். செஃபோபெராசோன் விஷயம் எனக்குப் புதிது, அது ஊசி மருந்து, கவுண்டரில் அவ்வளவாகப் போகாது. ஆனால் மெட்ரோனிடசோலை எப்படி விடுவிக்கிறீர்கள்? அதுவும்தானே அவர் உடம்பில் இருந்தது? நான் படித்த காலத்திலிருந்து இதற்கு உதாரணமாகச் சொல்லித் தருவதே அதைத்தான்.

இரவுப்பணி

சார், எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். அந்த எச்சரிக்கை எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால் 1960களுக்குப் போகிறது. மெட்ரோனிடசோல் சாப்பிட்டவர்களுக்குக் குடியில் நாட்டம் குறைகிறது என்று அப்போது ஒரு பேச்சு கிளம்பி, அதையே குடிநோய்க்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த முயற்சி தோற்றது, எச்சரிக்கை மட்டும் தங்கிவிட்டது.

2002ல் பின்லாந்தில் நேரடியாகவே சோதித்தார்கள். ஆரோக்கியமான 12 ஆண்கள். பாதிப்பேருக்கு ஐந்து நாள் மெட்ரோனிடசோல், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, சாப்பிட்டவருக்கும் தெரியாது. அப்புறம் அளந்து மது கொடுத்து ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். அசிட்டால்டிஹைடு ஏறவில்லை, முகம் சிவக்கவில்லை, நாடியும் மாறவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021ல் வெளியிட்ட பால்வினை நோய் வழிகாட்டியில், மெட்ரோனிடசோல் சாப்பிடும்போது மதுவைத் தவிர்க்கத் தேவையில்லை என்றே எழுதிவிட்டார்கள்.

மாப்பிள்ளைக்குப் பல் பிடுங்கியபோது ஒன்றும் ஆகாததற்கு இதுதான் சரியான விளக்கம் என்று நினைக்கிறேன். அன்று வந்தது மெட்ரோனிடசோல் மட்டும். இந்த முறை அதோடு வால் உள்ள ஊசியும் சேர்ந்து வந்தது.

வளர்மதி (ஸ்டாஃப் நர்ஸ்)

டாக்டர் சொல்வதை முழுசாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. 12 பேர், அத்தனை பேரும் ஆரோக்கியமான ஆண்கள். எங்கள் வார்டுக்கு வருகிறவர்கள் அப்படியா இருக்கிறார்கள்? மெட்ரோனிடசோல் சாப்பிட்டுக்கொண்டு குடித்துவிட்டு வாந்தியோடு வந்தவர்களை நான் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன்.

இரவுப்பணி

நியாயமான கேள்வி சிஸ்டர். 12 பேரில் தெரியாத ஒன்று 12,000 பேரில் தெரியலாம். ஆனால் நீங்கள் பார்த்தவர்களை ஒரு முறை நினைவுபடுத்திப் பாருங்கள். மெட்ரோனிடசோல் தனியாகவே குமட்டலைத் தரும், வாயில் செம்புக்காசை வைத்தது போல ஒரு சுவை வரும். மதுவும் வெறும் வயிற்றைப் புண்ணாக்கும். இரண்டும் சேர்ந்தால் வாந்தி வருவதில் வியப்பில்லை. அவர்களில் எத்தனை பேருக்கு முகமும் கழுத்தும் கொதித்தன? எத்தனை பேருக்கு நாடி 140க்கு ஓடிப் பிரஷர் 80க்கு இறங்கியது?

வளர்மதி (ஸ்டாஃப் நர்ஸ்)

யோசித்துப் பார்த்தேன். பெரும்பாலும் வாந்தி, வயிற்று எரிச்சல், அவ்வளவுதான். பிரஷர் இறங்கி வந்த ஒருவர் நினைவில் இருக்கிறார். அவருக்கு வேறென்ன மருந்து போனது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் என் வார்டில் மெட்ரோனிடசோலுக்கு "குடிக்காதீங்க" என்று சொல்வதை நான் நிறுத்தப்போவதில்லை. தாளில் அந்த வரி இருக்கும்வரை சொல்வேன்.

செந்தில் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. "முகம் சிவந்ததா?" என்று கேட்டால் கூட வந்தவர்கள் இல்லை என்பார்கள். நான் புறங்கையைக் கன்னத்திலும் காதிலும் வைத்துப் பார்ப்பேன், காய்ச்சல் இல்லாமலே கொதிக்கும். கண்ணின் வெள்ளை ரத்தம் கட்டினாற்போல இருக்கும். மருந்து ஒவ்வாமை என்றால் அரிப்பும் தடிப்பும் இருக்கும், உதடு வீங்கும், மூச்சில் விசில் சத்தம் வரும். இதில் அரிப்பு பெரிதாக இருக்காது. எதுவாக இருந்தாலும் நெஞ்சைப் பிடித்தால் இசிஜி எடுத்தே ஆக வேண்டும், நீங்கள் ஓடியது நூறு சதவீதம் சரி. பிரஷர் அந்த அளவுக்கு இறங்கினால் பலவீனமான இதயத்துக்கு உண்மையிலேயே மாரடைப்பு வந்துவிடும்.

ரப்பர்_தாத்தா (அம்பத்தூர்)

பிள்ளைகளா, என் வயது 71. நீங்கள் பேசுவதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் 1978 முதல் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் மிக்ஸிங் பிரிவில் இருந்தவன். ரப்பர் சீக்கிரம் வேக வேண்டும் என்பதற்காகக் கந்தகத்தோடு ஒரு வெளுத்த தூள் போடுவோம், டி.எம்.டி. என்று சொல்வோம். தையூரம் என்பது அதன் முழுப்பெயரில் வரும். தராசில் அள்ளி வைக்கும்போது தூள் பறக்கும், மீசையெல்லாம் வெள்ளையாகிவிடும். அப்போது முகமூடி யார் கொடுத்தார்கள்?

சம்பள நாளில் சேர்ந்து குடிக்கப் போனால் மற்ற பிரிவு ஆட்கள் மூன்று கிளாஸ் தாண்டியும் சும்மா இருப்பார்கள். எங்கள் பிரிவு ஆட்கள் அரை கிளாஸிலேயே முகம் கொதித்து, நெஞ்சு படபடத்து, வெளியே போய் வாந்தி எடுப்பார்கள். "மிக்ஸிங்காரனுக்குக் குடி ஒத்துக்காது" என்று பேச்சே உண்டு. எங்கள் குலதெய்வம் தடுக்கிறது என்று நம்பி நான் அதோடு விட்டுவிட்டேன். அந்தத் தூளுக்கும் நீங்கள் சொல்லும் மாத்திரைக்கும் சம்பந்தம் உண்டா?

இரவுப்பணி

ஐயா, சம்பந்தம் உண்டா என்று கேட்கிறீர்கள், இரண்டும் ஒரே குடும்பம். டைசல்ஃபிராமும் ஒரு தையூரம்தான், அதுவும் ரப்பர் தொழிலில் இருந்ததுதான். உங்கள் தூளில் மெத்தில் தொகுதி இருக்கும் இடத்தில் மாத்திரையில் எத்தில் தொகுதி இருக்கிறது. உங்கள் மிக்ஸிங் பிரிவில் நடந்ததை 1937ல் அமெரிக்காவில் ஒரு ரப்பர் ரசாயன ஆலையின் மருத்துவர் வில்லியம்ஸ் எழுதி வைத்தார். இந்தத் தூளோடு வேலை செய்பவர்களால் குடிக்க முடியவில்லை, குடிநோய்க்கு இது மருந்தாகுமோ என்று அவரே கேட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

சில வருடங்கள் கழித்து டென்மார்க்கில் ஹால்ட், யாக்கப்சன் என்ற இருவர் டைசல்ஃபிராமைக் குடல் புழுவுக்கு மருந்தாக்க முடியுமா என்று பார்த்தார்கள். அந்தக் கால வழக்கப்படி முதலில் தாங்களே சாப்பிட்டார்கள். பிறகு மது அருந்தியபோது இருவருக்கும் உங்களுக்கு வந்ததே வந்தது. அதிலிருந்து தேடிப் போய் அசிட்டால்டிஹைடுதான் காரணம் என்று கண்டுபிடித்து 1948ல் வெளியிட்டார்கள். 1951ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது.

நீங்கள் தராசில் அள்ளியது மூச்சில் போய், இரண்டாம் படி நொதியைப் பூட்டியிருக்கிறது ஐயா. முகமூடி கொடுக்காதது பெரிய அநியாயம்.

மீனா_தஞ்சை

இங்கே கேட்கலாமா என்று தெரியவில்லை. படிக்கப் படிக்கக் கை நடுங்குகிறது. என் கணவர் தினமும் குடிப்பார். பேருந்து நிலையம் பக்கம் ஒருவர் "குடியை மறக்க வைக்கும் பொடி, சாப்பாட்டில் கலந்துவிடுங்கள், அவருக்குத் தெரியவே தெரியாது" என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மேலே பெயர் எதுவும் இல்லை. வெள்ளைப் பொடி. நாலு நாளாகக் காலை இட்லிக்கு வைக்கும் சாம்பாரில் கலந்து கொடுத்தேன். நேற்று ராத்திரி குடித்துவிட்டு வந்தவர் செந்தில் சார் சொன்னது போலவே முகம் கொதித்து வாந்தி எடுத்தார், கை கால் சில்லிட்டுப் போனது. இரண்டு மணி நேரத்தில் சரியானது. மனதுக்குள் "மருந்து வேலை செய்கிறது" என்று சந்தோஷப்பட்டேன். இது அந்த மருந்தாக இருக்குமா? தொடரலாமா?

இரவுப்பணி

மீனா, இன்றே நிறுத்துங்கள். உங்கள் மேல் யாருக்கும் கோபம் இல்லை, தினமும் குடிக்கிறவரோடு வாழும் அலுப்பு எனக்கும் தெரியும். நேற்று நடந்ததைப் பார்த்தால் அந்தப் பொடியில் டைசல்ஃபிராம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இருந்தால் எத்தனை மில்லிகிராம் போகிறது என்று உங்களுக்கும் தெரியாது, கட்டிக்கொடுத்தவருக்கும் தெரியாது.

டைசல்ஃபிராம் எனக்கு அதிகப் பயம் தருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அசிட்டால்டிஹைடு ரத்தக் குழாய்களை விரித்துவிடும், அதனால்தான் முகம் கொதிக்கிறது, பிரஷர் இறங்குகிறது. சாதாரணமாக அப்படி இறங்கும்போது உடல் நார்அட்ரினலினை விட்டுக் குழாய்களைச் சுருக்கிச் சமாளிக்கும். டைசல்ஃபிராம் அந்த நார்அட்ரினலின் உண்டாவதையும் குறைத்துவிடுகிறது. ஆள் விழும்போது பிடித்துக்கொள்ளும் கையையும் சேர்த்துக் கட்டிவிடுவது போல. கை கால் சில்லிட்டது என்றீர்களே, அது பிரஷர் நன்றாக இறங்கியதன் அடையாளம். நேற்று மீண்டுவிட்டார். இன்னும் ஒரு கட்டிங் கூடுதலாகப் போயிருந்தாலோ, அவருக்கு இதய நோய் மறைந்திருந்தாலோ மீண்டிருக்க மாட்டார். ஆளுக்குத் தெரியாமல் இதைக் கொடுக்கவே கூடாது என்று மருந்தின் எச்சரிக்கையிலேயே முதல் வரியாக இருக்கிறது.

இப்போது கஷ்டமான பகுதி. நீங்கள் நிறுத்தினாலும் நொதி உடனே திறக்காது, இன்னும் இரண்டு வாரம் ஆபத்து உண்டு. அவர் இன்று மாலையும் குடிக்கப் போவார். ஆகவே அவரிடம் சொல்லியே ஆக வேண்டும். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். அதனால் "குடிக்காதீங்க" என்று மட்டும் சொல்லி வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். பொடி மிச்சம் இருந்தால் பொட்டலத்தோடு அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கு அவரை இன்றே அழைத்துப் போங்கள்.

மீனா_தஞ்சை

சொன்னால் அடிப்பார் டாக்டர். அவர் தம்பியிடம் சொல்லி அவரை விட்டுச் சொல்லலாமா? கொழுந்தனார் சொன்னால் கேட்பார்.

வளர்மதி (ஸ்டாஃப் நர்ஸ்)

மீனா, தாராளமாகச் சொல்லலாம், ஆனால் சாயங்காலத்துக்கு முன்னால். கொழுந்தனார் வேலையில் இருந்தாலும் போன் போட்டுக் கூப்பிடுங்கள். நீங்கள் தனியாக அவரிடம் பேச வேண்டாம். மருத்துவமனையில் யார் கலந்தது என்று விசாரித்து நேரத்தை ஓட்ட மாட்டோம், என்ன போனது, எப்போது போனது என்றுதான் கேட்போம்.

இன்னொன்று. வீட்டில் அரிஷ்டம், ஆசவம் ஏதாவது இருக்கிறதா? அதில் ஊறும்போதே உண்டான சாராயம் இருக்கிறது, சிலவற்றில் பத்து சதவீதத்தையும் தாண்டும். சில இருமல் மருந்திலும் உண்டு. இந்த இரண்டு வாரமும் அவருக்கு அதையெல்லாம் கொடுக்காதீர்கள்.

பாஸ்கரன் மெடிக்கல்ஸ்

வளர்மதி சிஸ்டர் சொன்னதைப் படித்ததும் என் அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். தசமூலாரிஷ்டம் வாங்குபவரிடம் வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று இதுவரை கேட்டதில்லை. இனிமேல் கேட்பேன். டாக்டர், வால் உள்ளது என்றீர்களே, செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்ஸோன் இரண்டுக்கும் உண்டா? கடையில் அதிகம் போவது அதுதான்.

இரவுப்பணி

செஃபிக்ஸிமுக்கு அந்த வால் கிடையாது. செஃபோபெராசோனைத் தவிர செஃபோட்டெட்டான், செஃபமண்டோல் போன்ற ஒரு சிலவற்றுக்குத்தான் உண்டு, அவை நம் பக்கம் அதிகம் புழங்குவதில்லை. செஃப்ட்ரியாக்ஸோனில் இருப்பது வேறு வகை வால். அதற்கும் எதிர்வினை வந்ததாக அங்கொன்றும் இங்கொன்றுமாக நோயாளிக் குறிப்புகள் உண்டு. அது உண்மையிலேயே நொதியைப் பூட்டுகிறதா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. சந்தேகத்தின் பலனை நோயாளிக்குக் கொடுத்து மூன்று நாள் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

செந்தில் (கரூர்)

எல்லோருக்கும் நன்றி. மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டினேன். அவரே ஒரு கேள்வி கேட்டார்: "இப்படிக் கஷ்டப்பட்டால் குடி விட்டுப்போகும் என்றால், அந்த மாத்திரையை நானே டாக்டரிடம் கேட்டு வாங்கிச் சாப்பிடலாமே?" ஆறு வாரம் கழித்துப் பித்தப்பை ஆபரேஷன் இருக்கிறது.

இரவுப்பணி

அவரே கேட்டது பெரிய விஷயம். சம்மதத்தோடு சாப்பிடும்போது டைசல்ஃபிராம் நல்ல மருந்து. குறிப்பாகத் தங்கை கையால் தினமும் காலையில் கொடுத்து, தங்கை கண் முன்னாலேயே விழுங்கினால். அது குடிக்கும் ஆசையைக் குறைக்காது. "இன்று காலை மாத்திரை போட்டுவிட்டேன், இனி இரண்டு வாரம் முடியாது" என்று மாலைச் சண்டையைக் காலையிலேயே முடித்துவைக்கும், அதுதான் அதன் பலம். வழக்கமாக 250 மில்லிகிராம். தொடங்கும் முன் குறைந்தது 12 மணி நேரம் மது கூடாது, நான் ஒரு முழு நாள் கேட்பேன். ஆனால் அரிதாகக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கும். இப்போதுதான் பித்தப்பைத் தொற்றிலிருந்து எழுந்திருக்கிறார், கல்லீரல் பரிசோதனை சரியாக வரும்வரை பொறுக்க வேண்டும். அன்றைய இசிஜி மாற்றத்துக்கு இதய மருத்துவரும் சரி சொல்ல வேண்டும். மெட்ரோனிடசோல் கோர்ஸ் முடிவதும் முக்கியம். மெட்ரோனிடசோலையும் டைசல்ஃபிராமையும் சேர்த்துச் சாப்பிட்ட சிலருக்குப் புத்தி பேதலித்த நிலை வந்திருக்கிறது, இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரம் இடைவெளி வேண்டும்.

வளர்மதி (ஸ்டாஃப் நர்ஸ்)

ஆபரேஷனுக்குப் போகும்போது அந்த டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்துப் போங்கள் தம்பி. அதே செஃபோபெராசோனை மறுபடி போட்டால், அந்த வால் வைட்டமின் கே வேலையையும் கெடுக்கும், ரத்தம் உறைய நேரமாகும். பித்தம் அடைபட்டவர்களுக்கு ஏற்கெனவே அந்த வைட்டமின் குறைவு. உறையும் நேரம் பார்த்து, தேவைப்பட்டால் வைட்டமின் கே ஊசி போடுவோம். கேட்டு வாங்குங்கள்.

மீனா_தஞ்சை

கொழுந்தனார் வந்துவிட்டார். ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கிறோம். அவர் இன்னும் குடிக்கவில்லை. பொட்டலம் என் கைப்பையில் இருக்கிறது.